தேங்காய்ச் சட்னி வெயிலில் ஏன் மதியம் வரை தாங்குவதில்லை?

காலை ஆறரைக்கு அரைத்து டப்பாவில் அடைத்த தேங்காய்ச் சட்னியை மதியம் ஒரு மணிக்குத் திறக்கும்போது மூடி 'புஸ்' என்று விட்டால், முகர்ந்து பார்க்கவே தேவையில்லை. உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது, சட்னி புளித்துவிட்டது. மார்கழியில் அதே கை, அதே ஜார், அதே அளவு என்று அரைத்த சட்னி மதியம் நன்றாகத்தான் இருந்திருக்கும். சித்திரையில் மட்டும் அது ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால், 'வெயில்' என்பது பாதி பதில். மீதிப் பாதி ஜாரிலும் தண்ணீரிலும் தேங்காய் மூடியிலும் இருக்கிறது. வெயிலை நாம் ஒன்றும் செய்ய முடியாது, அந்த மீதிப் பாதியைச் செய்யலாம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பொதுவாகக் 'கெட்டுப்போச்சு' என்று சொன்னாலும், தேங்காய் கெடுவதற்கு நம்மிடம் மூன்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. காறல், ஊசல், புளிப்பு. மூன்றும் வேறு வேறு வேலை. காறல் என்பது எண்ணெய்ப்பசை சிதைவது. பழைய கொப்பரையைக் கடித்தால் சோப்பு மாதிரி ஒரு சுவை வந்து தொண்டையைப் பிடிக்குமே, அதுதான். தேங்காய்க் கொழுப்பில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற வகை என்பதால் அது காற்றுபட்டு எளிதில் கெடாது. காறல் வர நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். ஊசல் என்பது பண்டம் வழவழத்து, கரண்டியில் எடுத்தால் நூல் விட்டு, ஒரு கெட்ட வாடை வீசுவது. அது கடைசிக் கட்டம். சில மணி நேரத்தில் சட்னிக்கு வருவது இந்த இரண்டும் இல்லை, புளிப்பு. அதனால் 'தேங்காய் எண்ணெய்ப்பசை உள்ளது, அதனால்தான் சீக்கிரம் கெடுகிறது' என்ற பேச்சு இந்த இடத்தில் பொருந்தாது. இங்கே கெடுவது தேங்காயில் உள்ள இனிப்பு.

நூறு கிராம் பச்சைத் தேங்காயில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். ஆறு கிராம் அளவுக்குச் சர்க்கரை. கொஞ்சம் புரதம். இயல்பாகப் புளிப்பு அநேகமாக இல்லை. இந்தச் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியா நம் அடுப்படியில் புதிதாக வந்த விருந்தாளி இல்லை. இட்லி மாவைப் பொங்க வைக்கிற லூகோனோஸ்டாக் என்ற இனமும் அதன் உறவுக்காரர்களும்தான். மாவில் வாயுவை உண்டாக்கி இட்லியைப் பூப்போல ஆக்குபவையும், டப்பா மூடியைப் 'புஸ்' என்று தள்ளுபவையும் ஒரே குடும்பம். மே மாதத்தில் இரவு பத்து மணிக்குக் கரைத்து வைத்த மாவு விடியும் முன்பே பாத்திரத்தைத் தாண்டி வழிகிறது என்றால், அதே அடுப்படியில் அதே வெப்பத்தில் வைத்த சட்னியும் அதே வேகத்தில்தான் ஓடும். மாவில் நாம் அதை வேண்டும் என்கிறோம், சட்னியில் வேண்டாம் என்கிறோம், அவ்வளவுதான்.

உடைக்காத நல்ல தேங்காயின் உட்புறம் ஏறக்குறைய சுத்தம். கிருமி வருவதெல்லாம் உடைத்த பிறகு. அரிவாள், கை, துருவி, கழுவிய தண்ணீர், பிறகு ஜார். துண்டாக இருக்கும்வரை அவை மேற்பரப்பில் மட்டும் இருக்கும். அரைத்தவுடன் தேங்காயின் செல்கள் உடைந்து சர்க்கரையும் நீரும் வெளியே வருகின்றன, மேலே ஒட்டியிருந்த கிருமி சட்னி முழுவதும் சீராகக் கலக்கிறது. போதாததற்கு, இரண்டு மூன்று நிமிடம் விடாமல் ஓடிய மிக்ஸியில் ஜாரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ஈரம், இனிப்பு, இளஞ்சூடு. மாவு புளிக்க நாம் தேடித் தேடி அமைத்துக் கொடுக்கும் சூழல் இதுதான்.

இனி ஒரு சிறு கணக்கு. சட்னி நாக்குக்குப் புளிப்பாகத் தெரிய, ஒரு கிராமில் கிருமிகள் ஏறக்குறைய ஒரு கோடியைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெயில்கால அடுப்படியில், 35 டிகிரி சூட்டில், அவை அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகட்டும். சுத்தமான ஜாரில், காய்ச்சி ஆறிய நீரில் அரைத்த சட்னி கிராமுக்கு ஆயிரம் கிருமியுடன் புறப்படுகிறது. ஆயிரம் ஒரு கோடி ஆவதற்குப் பதின்மூன்று முறை இரட்டிக்க வேண்டும், அதாவது ஆறரை மணி நேரம். அதே சட்னி, முந்தின நாள் மாவு அரைத்துவிட்டு ஏனோதானோ என்று கழுவிய ஜாரில் அரைபட்டு, ஒரு லட்சத்துடன் புறப்படுகிறது. ஒரு லட்சம் ஒரு கோடி ஆவதற்கு ஏழு முறைகூட வேண்டாம். மூன்றேகால், மூன்றரை மணி நேரம் போதும். வெப்பம் ஒன்றே, தேங்காய் ஒன்றே. ஜார் மட்டும் மூன்று மணி நேரத்தைத் தின்றுவிட்டது. கிருமி வகையைப் பொறுத்து இந்த எண்கள் முன்னே பின்னே ஆகும். ஆனால் 'பக்கத்து வீட்டில் மதியம் வரை நன்றாக இருக்கிறது, நம் வீட்டில் மட்டும் பத்தரைக்கே புளிக்கிறது' என்ற புதிருக்கு விடை பெரும்பாலும் இந்தப் புறப்படும் எண்ணிக்கையில்தான் கிடக்கிறது.

ஆகவே ஜாரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சட்னி ஜாரின் மூடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதைக் கழற்றிப் பார்த்தால் பள்ளத்தில் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும், முகர்ந்தால் மாவு வாடை. அடுத்தது பிளேடின் அடி. பிளேடு அடித்தட்டைத் தொடாமல் நிற்கும் அந்த மெல்லிய இடைவெளியில் தேங்காய்த் திப்பி போய் உட்காரும், ஸ்பாஞ்ச் அங்கே எட்டாது. இரண்டு இடமும் ஈரம் காயாதவை. வளையத்தைக் கழற்றிச் சோப்பால் தேய்க்க வேண்டும். ஜாரில் பாதி வெந்நீரும் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, மூடியை இறுக்காமல் பிடித்தபடி சில விநாடி மட்டும் ஓட்டினால் பிளேடின் அடியில் உள்ளது வெளியே வரும். கொதிக்கும் நீர் வேண்டாம், ஆவி மூடியைத் தூக்கிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்து, காய்ந்த பிறகே மூட வேண்டும். வெயில் காலத்தில் மட்டுமாவது மாவுக்கும் சட்னிக்கும் தனித்தனி ஜார் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஜாருக்கு அடுத்த குற்றவாளி, நேற்று உடைத்த மூடி. அர்ச்சனைக்கு உடைத்துக் கொண்டுவந்த தேங்காய் ஒரு பகல் முழுக்க வெளியில் இருந்தால் உள் ஓரம் வழவழக்கும். அதைக் கழுவித் துருவினாலும் கிருமி மொத்தமும் போகாது. அதைச் சட்னிக்கு எடுக்கக் கூடாது. புதிதாக உடைக்கும் காயையும் சோதிக்க வேண்டும். குலுக்கினால் நீர் ஆட வேண்டும், கண்களில் ஈரமோ பூஞ்சையோ இருக்கக் கூடாது. உடைத்த நீரைக் கொட்டாமல் ஒரு வாய் ருசி பாருங்கள். அது புளித்திருந்தால் அந்தக் காயில் அரைக்கும் சட்னி அரைக்கும்போதே பாதி புளித்தது.

மூன்றாவது, சட்னியில் போகும் பச்சைப் பொருள்கள். கொத்தமல்லியும் புதினாவும் மண்ணோடு வருபவை. சின்ன வெங்காயமும் பூண்டும் கூடுதல் சர்க்கரையும் கூடுதல் கிருமியும் கொண்டுவருபவை. வெங்காயம் வைத்து அரைத்த சட்னி சீக்கிரம் போகும் என்று வீட்டில் சொல்வது சரிதான். உடனே சாப்பிடுவதென்றால் எது வேண்டுமானாலும் போடலாம். மதியத்துக்கு வேண்டிய சட்னியில் தேங்காய், பொட்டுக்கடலை, மிளகாய், இஞ்சி, உப்பு இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உப்பு காப்பாற்றும், தாளிப்பு காப்பாற்றும் என்று இரண்டு நம்பிக்கைகள் உண்டு. உப்பைப் பாருங்கள். நானூறு கிராம் சட்னிக்கு ஒரு டீஸ்பூன் உப்பு என்பது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. ஊறுகாயில் உப்பு அதைப்போல் பல மடங்கு. சட்னியில் உப்பு ருசிக்குத்தான். தாளிப்பின் கதை இன்னும் சுவாரசியம். புகையும் எண்ணெயைச் 'சுர்ர்' என்று ஊற்றும்போது கிருமியெல்லாம் பொசுங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் என்பது பத்து மில்லி. அது 180 டிகிரியில் இருந்தாலும், நானூறு கிராம் சட்னியில் கலந்தபின் மொத்தத்தின் சூட்டை இரண்டு டிகிரி அளவுக்குத்தான் உயர்த்தும். அதாவது கிருமிக்கு இன்னும் கொஞ்சம் கதகதப்பு. சரியாகப் பொரியாமல் ஈரத்தோடு விழும் கறிவேப்பிலை இருந்தால் நட்டக் கணக்கு. தாளிப்பு மணத்துக்கு, அதைச் சாப்பிடும் நேரத்தில் சாப்பிடும் அளவுக்குச் செய்வதே வெயிலில் சரி.

இவ்வளவையும் சேர்த்து, காலை ஆறரைக்கு அரைத்து மதியமும் உண்ண வேண்டிய ஒரு சட்னியை எப்படிச் செய்வது?

முந்தின இரவே ஒரு டம்ளர் காய்ச்சி ஆறிய நீரைப் பிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள். அதே நீரில் நாலைந்து ஐஸ் கட்டியும் உறைய வைத்தால் உத்தமம். காலையில் ஒரு மூடித் தேங்காயைச் சில்லுகளாகக் கீறி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்துவிடுங்கள். மேற்பரப்பில் ஒட்டியிருப்பதில் பெரும்பங்கு அங்கேயே அடங்கிவிடும், ருசி மாறாது. வடித்த சில்லை ஆற வைத்த பிறகே ஜாரில் போட வேண்டும். நாலு பச்சை மிளகாயையும் ஒரு சிறு துண்டு இஞ்சியையும் அரை டீஸ்பூன் எண்ணெயில் தோல் வெளுக்கும்வரை வதக்குங்கள். பொட்டுக்கடலை மூன்று டேபிள்ஸ்பூன் போதும். அதற்குமேல் போனால் நேரம் ஆக ஆகச் சட்னி களிபோல் இறுகும், அதைப் பார்த்து மறுபடி தண்ணீர் விட வேண்டிவரும்.

முதலில் தேங்காயையும் கடலையையும் நீர் விடாமல் விட்டுவிட்டு ஓட்டி உடைத்துக்கொண்டு, பிறகு குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைக்க வேண்டும். விடாமல் மூன்று நிமிடம் ஓட்டுவதைவிடப் பத்துப் பதினைந்து விநாடியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் சூடு ஏறாது. 30 டிகிரியில் இருக்கும் தேங்காயோடு அதே எடை 5 டிகிரி நீர் சேர்ந்தால் கலவை ஏறக்குறைய 15 டிகிரியில் தொடங்கும். ஐஸ் கட்டி அதையும் குறைக்கும். பிளேடு எவ்வளவு சூட்டைச் சேர்த்தாலும், குழாய் நீரில் அரைத்து 38 டிகிரியில் எடுக்கும் சட்னியைவிட இது வெகுதூரம் பின்னால் நிற்கும். கிருமி இரட்டிக்கும் வேகம் சூட்டோடு மாறுவது. அரை மணிக்கு ஒருமுறை பெருகுவது, குளிரில் இரண்டு மணிக்கு ஒருமுறை என்று தளர்ந்துவிடும்.

சட்னியைக் கெட்டியாகவே எடுங்கள். கெட்டிச் சட்னியில் கிருமி வளராது என்று அர்த்தமில்லை, அதிலும் அவற்றுக்குப் போதிய ஈரம் இருக்கிறது. கெட்டியாக இருந்தால் அளவு குறையும், சீக்கிரம் குளிரும், நீர்க்க வேண்டியபோது காய்ச்சிய நீரை விட்டுக்கொள்ளலாம். அரைத்த கையோடு இரண்டாகப் பிரியுங்கள். காலை டிபனுக்கு ஒரு பங்கு. மற்றது உயரமான டப்பாவில் அல்ல, அகலமான தட்டையான எவர்சில்வர் பாத்திரத்தில், பிரிஜ்ஜின் கதவில் அல்ல, உள்ளே பின்பக்கம். ஆழமான பிளாஸ்டிக் டப்பாவின் நடுப்பகுதி குளிர வெகுநேரம் பிடிக்கும், அதுவரை உள்ளே பெருக்கம் நடந்துகொண்டே இருக்கும். சாப்பிட எடுத்த பங்கில் மிஞ்சியதைத் திரும்ப அந்தப் பாத்திரத்தில் கொட்டக் கூடாது.

இந்தக் கடைசி வரியை டிபன் கடைக்காரர்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். வாளியில் சட்னி கால்வாசி இருக்கும்போது அதன்மேலேயே புதிதாக அரைத்ததை ஊற்றுவது வழக்கம். தயிருக்கு உறை ஊற்றுகிற வேலை இது. காலை ஆறு மணிச் சட்னியின் மிச்சம் ஒன்பது மணிச் சட்னிக்கு உறைமோர் ஆகிறது, பத்தரைக்கு வாளி முழுவதும் புளிக்கிறது, 'தேங்காய் சரியில்லை' என்று மண்டிக்காரருக்குத் திட்டு விழுகிறது. வாளியை மாற்றுங்கள், கரண்டியையும் மாற்றுங்கள். ஒரே தடவை பத்துக் காய் அரைப்பதற்குப் பதில் மணிக்கு ஒருமுறை இரண்டிரண்டாக அரைத்து, பரிமாறும் வாளியைப் பெரிய அன்னக்கூடையில் ஐஸ் போட்டு நிறுத்தினால் வீணாவது குறையும். புளித்த சட்னியில் ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போட்டு ஓட்டுவதும் நடக்கிறது. சோடா உப்பு புளிப்பை மறைக்கும். கிருமிகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வெயிலில் வெளியே எவ்வளவு நேரம் வைக்கலாம்? அமெரிக்க வேளாண் துறை சீக்கிரம் கெடும் உணவுக்குச் சொல்லும் விதி, சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். நம் ஊரில் சித்திரை அடுப்படி இரண்டாவது வகையில்தான் வரும். புளிப்பு தெரிய நாலைந்து மணி ஆகும்போது விதி ஏன் ஒரு மணியோடு நிற்கிறது? காரணம் இருக்கிறது. புளிக்க வைக்கும் பாக்டீரியாவால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் கையிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவையும் அதே சட்னியில் பெருகலாம். அவை விடும் நச்சுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை, கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுத்த பிறகே தெரியும். அதனால் லேசாகப் புளித்த சட்னியைச் சுட வைத்துக் குழம்பில் சேர்த்துவிடலாம் என்ற சிக்கனம் வேண்டாம். எலுமிச்சையோ புளியோ சேர்த்து அரைப்பதும் இரண்டு பக்கமும் வெட்டும். அமிலம் கூடினால் கிருமி தயங்கும், உண்மை. ஆனால் கெட்டுப்போன புளிப்பா நாம் போட்ட புளிப்பா என்று நாக்குக்குப் பிரித்தறியத் தெரியாது.

மதிய டப்பாவில் இன்னொரு தவறு. சுடச்சுட இட்லியை அடைத்து, அதன் நடுவிலேயே சட்னிக் கிண்ணத்தையும் வைத்து மூடுவது. இட்லியின் சூடு சட்னியை மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் வைத்திருக்கும், மாவு புளிக்க வைக்கும் பெட்டியே அதுதான். இட்லியை ஆற வைத்து அடைத்து, சட்னியைத் தனி டப்பாவில், முந்தின இரவே பிரீசரில் உறைய வைத்துக் கொடுத்தனுப்பலாம். பை நிழலில் இருந்தால் மதியத்துக்குள் இளகி, குளிர் முழுக்க விலகாமல் இருக்கும். பள்ளிக்குப் போகும் பைக்கு இதுவும் நிச்சயமில்லை என்று தோன்றினால், அன்றைக்குத் தேங்காயைச் சிவக்க வறுத்து, உளுத்தம்பருப்பும் காய்ந்த மிளகாயும் புளியும் வைத்து, நீர் தெளித்து மட்டும் அரைத்த துவையலைக் கொடுங்கள். வறுபட்டதில் ஈரமும் கிருமியும் குறைந்து, புளியும் துணைக்கு நிற்பதால் அது சட்னியைவிட மணிக்கணக்கில் கூடத் தாங்கும்.

பிரிஜ்ஜில் வைத்த சட்னியை மறுநாளோடு முடித்துவிட வேண்டும். லூகோனோஸ்டாக் குளிரிலும் மெல்ல வளரும் ஜாதி, மூன்றாம் நாள் அங்கேயும் புளிப்பு தட்டும். அதற்குமேல் வேண்டுமென்றால் பிரீசர்தான். சட்னியாக உறைய வைப்பதைவிடத் துருவிய தேங்காயாக, ஒரு வேளைக்கு வேண்டிய அளவு சிறு பொட்டலங்களாகத் தட்டையாக அழுத்தி வைத்தால் ஒரு மாதம் தாராளமாக வரும். உறைந்த சட்னி இளகும்போது நீர் தனியே, திப்பி தனியே நிற்கும். அதைக் கெட்டுவிட்டதாக எண்ணிக் கொட்ட வேண்டாம். உறைந்ததில் கொழுப்பும் நீரும் பிரிந்ததுதான். இரண்டு ஸ்பூன் சூடான நீர் விட்டு ஸ்பூனால் அடித்தாலோ, ஜாரில் ஒரு சுற்று விட்டாலோ பழையபடி சேர்ந்துகொள்ளும். தாளிப்பை அதற்குப் பிறகு கொட்டுங்கள்.